நாற்பது நிமிட அம்மா

டீ வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். மறதி நோய் வந்த அம்மாவைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் சிநேகிதிக்கு என்ன செய்யலாம், சொந்தக்காரர்கள் யாருமே தன் கஷ்டத்தைக் கண்டுகொள்ளவில்லை என்று அவள் உடைந்துபோகிறாளே என்று கேட்டீர்கள். பதில் கொஞ்சம் நீளம். கண்டுகொள்ளாமல் போவதற்குச் சொந்தக்காரர்களின் மனசு மட்டும் காரணம் இல்லை, அந்த நோயின் குணமும் ஒரு காரணம். அது பிடிபட்டால்தான் சிநேகிதி என்ற இடத்திலிருந்து நாம் எங்கே கை கொடுக்கலாம் என்பது தெரியும்.

என் தோழி ஒருத்தியின் வீட்டையே எடுத்துக்கொள்வோம். திருச்சியில் இருக்கிறாள். அவள் அம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எனக்கும் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், அதனால் இன்றைக்கும் எனக்கு அவர் டீச்சர்தான். அல்ஸைமர் வகை மறதி நோய் என்று நரம்பியல் மருத்துவர் சொல்லிச் சில வருஷங்கள் ஆகின்றன. அண்ணன் பெங்களூரில், அக்கா சென்னையில். அம்மாவைத் தனியே விட முடியாது என்ற நிலை வந்ததும் தோழி தான் பார்த்துக்கொண்டிருந்த கணக்கெழுதும் வேலையை விட்டுவிட்டாள்.

அண்ணன் குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தார். டீச்சர் குளித்து, வெளுத்த காட்டன் புடவை கட்டி, பவுடர் போட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். குளிக்கவைக்கவே ஒன்றரை மணி நேரம் ஆனது. அது வந்தவர்களுக்குத் தெரியாது. பேரனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "எந்த வகுப்பு படிக்கிறே?" என்றார். ஏழாவது என்றான். "கணக்குல எவ்வளவு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் "எந்த வகுப்பு?" மூன்றாவது முறை கேட்டபோது, "பாட்டிக்குப் பேரன் மேல அவ்வளவு பிரியம்" என்றார் அண்ணி. "அம்மா, நான் யாருன்னு தெரியுதா?" என்று அண்ணன் கேட்டதற்கு, "தெரியாம இருக்குமா, நல்லா கேட்டே போ!" என்று பதில் வந்தது. "சாப்டீங்களா?" என்று கேட்டபோது டீச்சர் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். மகள், "இட்லி சாப்டாங்க" என்றாள். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அண்ணன் சொன்னார்: "அம்மா நல்லாத்தானே இருக்காங்க? நீதான் போன்ல எங்களை பயமுறுத்துறே."

அன்று சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து டீச்சர், "எங்க வீட்டுக்குப் போகணும், எங்கம்மா தேடுவாங்க" என்று வாசல் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். இருட்டிய பிறகும் அடங்கவில்லை. மகள் தடுத்தபோது அவள் கையில் நகத்தால் கீறிவிட்டார்.

அண்ணனும் தோழியும் ஒரே அம்மாவைத்தான் பார்த்தார்கள், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அல்ஸைமரில் முதலில் அடிபடுவது புது விஷயங்களைப் பதிந்துவைக்கும் பகுதி. அதனால் காலையில் சாப்பிட்டது என்ன, ஐந்து நிமிஷம் முன்பு கேட்டது என்ன என்பவை போய்விடுகின்றன. வாழ்நாள் முழுக்கப் பழகிய நடத்தை மூளையில் வேறு இடங்களில் ஊறிக் கிடக்கிறது, அது வெகுநாள் தாக்குப்பிடிக்கும். முப்பது வருஷம் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்ட கேள்வி டீச்சருக்கு யோசிக்காமலே வாயில் வருகிறது. வந்தவரை வரவேற்பது, சிரிப்பது, "எப்படி இருக்கே?" என்று கேட்பது எல்லாம் அந்த வகைதான். புது முகம், பேச்சு, சத்தம் வந்ததும் மனசு கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டு முழு பலத்தையும் கூட்டி நிற்கிறது. அரை மணி, நாற்பது நிமிஷம் நிற்கும். அதற்கான களைப்பைச் சாயங்காலம் தோழி வாங்கிக் கட்டிக்கொள்கிறாள்.

அந்த நாற்பது நிமிஷத்திலும் நோய் தெரியத்தான் செய்தது. பார்க்கத் தெரிந்தவர் அங்கே இல்லை, அவ்வளவுதான். "தெரியாம இருக்குமா?" என்பது கேள்விக்குப் பதிலே இல்லை, தெரியாததை மறைக்கும் சாமர்த்தியம். அதில் பேர் இல்லை, உறவு இல்லை. சாப்டீங்களா என்று கேட்டதும் மகள் பக்கம் தலை திரும்பியதே, அதை மருத்துவர்கள் ஓர் அடையாளமாகவே கவனிப்பார்கள். தன்னிடம் இல்லாத பதிலைப் பக்கத்தில் இருப்பவரிடம் தேடுகிற திருப்பம் அது. நீங்கள் உங்கள் சிநேகிதி வீட்டுக்குப் போகும்போது இந்த இரண்டையும் பாருங்கள். பார்த்துவிட்டால், "அம்மா ஒவ்வொரு கேள்விக்கும் உன் முகத்தைப் பார்த்துட்டுத்தான் பதில் சொல்றாங்க, நான் கவனிச்சேன்" என்று பிற்பாடு அவளிடம் சொல்லுங்கள். பாவம், உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று பத்து தடவை சொல்வதைவிட இந்த ஒரு வாக்கியம் அவளுக்கு ஆறுதல். தான் பார்ப்பதை இன்னொருத்தரும் பார்த்துவிட்டார் என்பதுதான் அவளுக்கு வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கசப்பானது ஒன்று உண்டு. கூடவே இருப்பவர் மேல் வரும் பழி. டீச்சர் ஒருநாள் சென்னை மகளுக்கு போனில், "இவ என் வளையலைத் திருடிட்டா" என்றார். அக்கா அதை நம்பினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால், "அம்மா வளையல் எங்கே? சும்மாதான் கேக்கறேன்" என்று தங்கையிடம் கேட்டார். அந்த 'சும்மா' தோழியை எத்தனை ராத்திரி தூங்கவிடாமல் செய்தது என்பது எனக்குத் தெரியும். வளையல் பிறகு அரிசி டின்னுக்குள் கிடைத்தது.

நடப்பது இதுதான். ஏதோ பயம் வருகிறது, விலையுள்ளதைப் பத்திரப்படுத்துகிறார்கள். பத்திரப்படுத்தியது மறந்துபோகிறது. தேடும்போது காணோம். தான் வைத்தது ஞாபகம் இல்லாத மனசுக்கு மிச்சமிருக்கும் ஒரே விளக்கம், யாரோ எடுத்துவிட்டார்கள் என்பது. வீட்டில் இருக்கும் அந்த யாரோ, ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்ளும் மகள்தான். அதிகம் செய்பவர் மேலேயே அதிகப் பழி விழுவதன் கணக்கு இது. இது இன்று நேற்று வந்த விஷயமும் இல்லை. 1901இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் டாக்டர் அலாய்ஸ் அல்ஸைமர் பரிசோதித்து, 1906இல் மருத்துவர் கூட்டத்தில் எடுத்துச் சொன்ன முதல் நோயாளியான அகுஸ்தே என்ற பெண்மணிக்கு வெளியே தெரிந்த முதல் அறிகுறியே, தன் கணவர் மேல் வந்த கடும் சந்தேகம்தான். இந்த நோயின் பெயர் தோன்றிய கதையிலேயே பழி இருக்கிறது.

இந்த இடத்தில் சிநேகிதி செய்யக்கூடியது ரொம்பவும் நடைமுறையான காரியம். நானும் தோழியும் ஒரு மத்தியானம் டீச்சரின் நகைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, எடையோடு ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளையும் படங்களையும் அண்ணன், அக்கா இருவருக்கும் அனுப்பினோம். அடுத்த முறை அண்ணன் வந்தபோது அவர் கையாலேயே நகைகள் லாக்கருக்குப் போயின. டீச்சர் கையில் கவரிங் வளையல்கள். காணோம் என்று தேடினால் காட்ட அதே மாதிரி இன்னொரு ஜோடி பீரோவில் உண்டு. பென்ஷன் பணத்துக்கும் அப்படியே. மாதம் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று ஒரு பக்கக் கணக்கு, மாதக் கடைசியில் அவர்கள் இருவருக்கும். அவள் கணக்கெழுதியவள், அவளுக்கு அது சுலபம். "நான் எதுக்கு இவங்களுக்குக் கணக்குக் காட்டணும்?" என்று முதலில் கோபப்பட்டாள். கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கணக்கு அவளுக்குத்தான் காப்பு. அம்மா எதைச் சொன்னாலும், யார் எதைக் கேட்டாலும், தாள் பேசும்.

பழியை டீச்சரிடம் மறுத்து வாதாடுவதில் பயன் இல்லை. "நான் எடுக்கலைம்மா" என்றால் திருடர் மறுக்கிறார் என்றுதான் அவருக்குப் படும். "காணோமா? அடடா, வாங்க, சேர்ந்து தேடலாம்" என்று எழுந்துவிட்டால், தேடுகிற வேலையில் கோபம் கரையும்.

உங்கள் சிநேகிதிக்கு வருவோம். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். தனக்கு என்ன வேண்டும் என்று யோசித்து, அதைக் கேட்கலாமா என்று தயங்கி, ஆள் பிடித்து, நேரம் பேசுவது அவளுக்கு இன்னொரு வேலை. நாளையும் மணியையும் நீங்களே சொல்லுங்கள். நான் வியாழக்கிழமை மத்தியானம் மூன்றிலிருந்து ஏழு வரை என்று வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. இந்த நோயில் சாயங்காலம்தான் சிரமம். வெளிச்சம் குறையும்போது நிழல்கள் குழப்புகின்றன. உடம்பின் பகல்-இரவுக் கடிகாரமே நோயில் கலைந்திருக்கிறது. அன்றைய களைப்பும் சேர்ந்துகொள்கிறது. காலை பதினொரு மணிக்கு வந்து போகிறவருக்கு இது தெரியாது. அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருந்தால் அவளுக்கு மூச்சு விடவும் இடம் கிடைக்கும், அவள் சொல்வதற்கு ஒரு சாட்சியும் கிடைக்கும்.

அந்த நான்கு மணி நேரம் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். டீச்சருக்கு முன்பக்கமாகப் போய், கண்ணுக்கு நேரே நின்று, என் பேரையும் சொல்லி, "உங்ககிட்ட கணக்குப் படிச்சவ, டீச்சர்" என்பேன். என்னைத் தெரிகிறதா என்று கேட்பதே இல்லை. அது பரீட்சை, தோற்றால் அவமானம் அவருக்கு. நான்கு மணிக்குக் காப்பியும் ரெண்டு பிஸ்கட்டும். நாலரைக்கு பாத்ரூம். ஐந்து மணிக்கு முன்னாலேயே, வெளியே வெளிச்சம் இருக்கும்போதே, கூடத்து விளக்குகள் எல்லாவற்றையும் போட்டுவிடுவேன். பிறகு ஒரு முறம் நிறையப் பட்டாணி, உரிக்க. அவர் உரித்ததில் பாதி தோலோடு சேர்ந்தே கிடக்கும், பரவாயில்லை. "வீட்டுக்குப் போகணும்" ஆரம்பித்தால், இதுதான் உங்க வீடு என்று திருத்தாமல், "உங்க வீட்ல யாரெல்லாம் இருக்காங்க டீச்சர்?" என்று கேட்பேன். கும்பகோணத்து வீடு, திண்ணை, தம்பி, பசு மாடு எல்லாம் வரும். அவர் கேட்பது ஒரு முகவரியை இல்லை, பயமில்லாமல் இருந்த ஓர் இடத்தை. பேச்சில் அந்த இடத்துக்குப் போய்வந்தாலே சில நாள் போதும். போதாத நாளில் செருப்பு மாட்டித் தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்புவோம். இதெல்லாம் பலிக்காத நாளும் உண்டு. அந்த நாளில் நானும் கீறல் வாங்கியிருக்கிறேன்.

அந்த நேரத்தில் தோழி என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்வதில்லை. சில வாரம் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள். சில வாரம் தையல் கடை, பேங்க். "வெளியே போய் ஜாலியா இருந்துட்டு வா" என்று துரத்தினால் அதுவும் ஒரு கட்டளை ஆகிவிடும்.

அடுத்தது நோட்டுப் புத்தகம். எதற்கு என்றால், "ராத்திரி தூங்கவே விடறதில்லை" என்று அவள் சொல்லும்போது கேட்பவருக்கு அது புலம்பலாகத்தான் காதில் விழுகிறது. மணியோடு எழுதினால் புலம்பல் தகவலாகிவிடுகிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு, பேனா அதிலேயே கட்டி, பிரிட்ஜ் மேல். இரண்டு வாரம் எழுதினாள். ஒரு நாளின் பக்கம் இப்படி இருந்தது:

"காலை 8.10 – குளிக்க மறுத்தாங்க. 9.35க்குத்தான் முடிஞ்சது. மத்தியானம் – நல்லா சாப்பிட்டாங்க. 4.50 – பையில புடவை அடுக்கினாங்க, வீட்டுக்குப் போகணும்னு. 6.20 வரைக்கும். ராத்திரி 11.40 – எழுந்தாங்க. 1.15 – பீரோவைத் திறந்து அதுக்குள்ள ஒண்ணுக்குப் போயிட்டாங்க. துடைச்சு, புடவை மாத்தி 2 மணி. 3.30 – கேஸ் அடுப்பைத் திருகிட்டு நின்னாங்க. 5 – காப்பி கேட்டாங்க."

என்ன உணர்ந்தாள் என்று அதில் ஒரு வரி இல்லை. வேண்டுமென்றேதான். அண்ணன் கையில் கொடுக்கும் நோட்டில் மணியும் நடந்ததும் மட்டும் இருந்தால் வாதத்துக்கு இடமில்லை. "நல்லா சாப்பிட்டாங்க" போன்ற நல்லதும் இருக்க வேண்டும், அப்போதுதான் மற்றது நம்பும்படி இருக்கும். இந்த நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. மருத்துவரிடம் பத்து நிமிஷம்தான் கிடைக்கிறது. அந்தப் பத்து நிமிஷத்திலும் டீச்சர் சிரித்துக்கொண்டு நன்றாகத்தான் பேசுவார். நோட்டைக் கொடுத்தால் மருத்துவர் பார்ப்பது உண்மையான இரவை. அதைப் பார்த்துத்தான், டீச்சர் மாலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜலதோஷ மாத்திரை ஒன்றை அவர் நிறுத்தினார். இந்த வகை மாத்திரைகளில் சில, மறதி நோய்க்காரர்களின் குழப்பத்தைக் கூட்டிவிடும்.

நோட்டை வைத்துக்கொண்டு ஒரு விஷயத்தை நீங்களும் கவனியுங்கள். மறதி நோய் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில்தான் இறங்கும். நேற்று வரை நடந்தவர் இன்று எழவில்லை, திடீரென்று ஆள் தெரியாமல் உளறுகிறார், இல்லாததைப் பார்த்துப் பயப்படுகிறார், அல்லது வழக்கத்துக்கு மாறாகச் சுருண்டு தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால் அது நோய் முற்றியது என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், காய்ச்சல், தண்ணீர் குறைவு, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, எங்கோ விழுந்து சொல்லத் தெரியாத வலி, இப்படி ஏதாவது அடியில் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். தினமும் கூட இருக்கும் சோர்வில் அவளுக்கு இந்த மாற்றம் பிடிபடாமல் போகலாம். வாரம் ஒருமுறை வரும் உங்கள் கண்ணுக்குச் சட்டென்று தெரியும்.

இரண்டு வாரம் முடிந்ததும் அண்ணனோடு பேச்சு. அந்த போன் பேச்சுக்கு முன்னால் நானும் அவளும் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். "நீ எதுவுமே செய்யறதில்லை" என்று ஆரம்பித்தால் அவர் செய்ததையெல்லாம் எடுத்து அடுக்குவார், பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால் குற்றச்சாட்டை விட்டு ஒரே ஒரு கோரிக்கை வைத்தாள்: "அண்ணா, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வந்து ஞாயிறு காலைல கிளம்பு. ரெண்டு ராத்திரியும் அம்மா ரூம்ல நீ படுத்துக்க. நான் அத்தை வீட்ல இருப்பேன்." மணி சொன்னது முக்கியம். அவள் வீட்டில் இல்லாமல் இருப்பது அதைவிட முக்கியம். அவள் அங்கேயே இருந்தால் டீச்சர் ஒவ்வொன்றுக்கும் அவள் பக்கம்தான் திரும்புவார். அவளும் எழுந்து ஓடுவாள். அண்ணன் மறுபடியும் விருந்தாளிதான்.

அண்ணன் ஒப்புக்கொள்ள ஒரு மாதம் இழுத்தார். வந்தபோது பிரிட்ஜ் கதவில் ஒரு பக்கக் குறிப்பு ஒட்டியிருந்தது. எந்த மாத்திரை எப்போது, எந்த மணிக்கு பாத்ரூம், ராத்திரி சிலிண்டர் வால்வை மூடுவது, வாசல் சாவி எங்கே, அவசரத்துக்கு என் போன் நம்பர். முதல் ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு போன் வந்தது. "அம்மா என்னைப் பார்த்து யாரு நீ, வெளியே போடாங்கறாங்க. என்னம்மா செய்யறது?" விளக்கைப் போட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, வாத்தியாரம்மான்னு கூப்பிட்டுப் பாருங்கண்ணே என்றேன். தங்கையைக் கூப்பிடாமல் என்னிடம் பேசினாரே, அதற்காக அவர் மேல் எனக்கு அன்று மரியாதை கூடியது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஞாயிறு காலையில் அண்ணன் தங்கையிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "கஷ்டம்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னார். ஆனால் அடுத்த மாதத்திலிருந்து இரவு உதவியாளர் ஒருவருக்கான சம்பளம் அவர் கணக்கிலிருந்து வருகிறது. மருத்துவர் பார்க்கும் நாளில் வீடியோ காலில் கூட இருக்கிறார். அதை நாங்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்திருந்தோம். அம்மாவுக்கு என்ன நிலை, எந்த நேரமும் ஆள் தேவையா, திருட்டுப் பழி நோயின் பகுதியா, மூன்றுக்கும் அவர் வாயால் அண்ணன் காதில் பதில் விழ வேண்டும் என்று. தங்கை சொன்னால் குறை, டாக்டர் சொன்னால் தகவல். இது நியாயமில்லைதான், ஆனால் காரியம் ஆகிறது. அக்காவுக்கு வந்து தங்க வசதி இல்லை. அவர் தினமும் ஆறு மணிக்கு வீடியோ காலில் அம்மாவுக்குப் பழைய பக்திப் பாட்டு பாடுகிறார். அந்த இருபது நிமிஷத்தில் தோழி ராத்திரிச் சமையலை முடித்துவிடுகிறாள். தூரத்தில் இருப்பவருக்கு இப்படி மணி குறித்த ஒரு வேலை கொடுத்தால் செய்வார்கள். உன்னால் முடிந்ததைச் செய் என்று விட்டால் ஒன்றும் வராது.

சில பேர் எதைப் பார்த்தாலும் மாற மாட்டார்கள். தோழிக்கு ஒரு சித்தி இருக்கிறார். "பெத்தவளைப் பாத்துக்கறதுல என்னடி கஷ்டம், நாங்கல்லாம் பாக்கலையா?" என்பார். அவரை மாற்றும் முயற்சியை விட்டுவிடச் சொன்னேன். "ஆமா சித்தி" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடலாம். யாரிடம் விளக்க வேண்டும், யாரிடம் வேண்டாம் என்று பிரித்துக்கொள்வதே அவளுக்குப் பாதி பலம். அதே நோயோடு வாழும் மற்றக் குடும்பங்களிடம் விளக்கவே தேவையில்லை. சென்னையில் ஸ்கார்ஃப், 1992இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. போன்ற அமைப்புகள் இப்படிப்பட்ட குடும்பங்களுக்காக வேலை செய்கின்றன. அங்கே முதல் முறை போகும்போது அவளோடு நீங்களும் உட்காருங்கள்.

அவளுடைய நிலை அபாயத்துக்குப் போகிறதா என்பதைப் பார்க்க வேண்டியதும் நீங்கள்தான். முன்பு சொல்லிச் சொல்லி அழுதவள் இப்போது எதையுமே சொல்வதில்லை, தன் பிரஷர் மாத்திரையை வாங்கவே மறந்துவிட்டாள், அம்மா கையைப் பிடித்து இழுக்கும் இழுப்பில் முரட்டுத்தனம் தெரிகிறது, "ரெண்டு பேரும் ஒரேயடியா போய்ச் சேர்ந்துட்டா நல்லது" என்கிறாள். இவற்றில் எதைக் கண்டாலும் பேச்சை மாற்றாமல், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அன்று அவளைத் தனியே விடாதீர்கள். மனநல மருத்துவரிடம் நீங்களே கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். முதியோர் உதவிக்கு 14567 உண்டு. அம்மாவைக் கடிந்துகொண்டதை அவள் உங்களிடம் சொன்னால் அதிர்ச்சி காட்ட வேண்டாம். அந்த வாரமே இரவு ஆள் ஏற்பாடு செய்யுங்கள். தூக்கம் இல்லாத உடம்பின் கோபம் அது.

அவள் அழுகையில் அலுப்பு மட்டும் இல்லை, துக்கமும் உண்டு. ஆள் எதிரே இருக்கிறார், ஆனால் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட அம்மா இல்லை. அமெரிக்கக் குடும்பநல ஆய்வாளர் பாலின் பாஸ் 1970களில், போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களைப் பார்த்து இப்படி முடிவு தெரியாத இழப்பைப் பற்றி எழுத ஆரம்பித்தார். அதே இழப்பைப் பிறகு மறதி நோய் வீடுகளிலும் கண்டார். நம் ஊரில் சாவு வீடு என்றால் எத்தனை பகை இருந்தாலும் ஆள் வந்துவிடும், துக்கம் கேட்டுவிட்டுப் போகும். டீச்சர் மகளை முதன்முதலாக "யாரும்மா நீ?" என்று கேட்ட அன்றைக்கு அந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை. உங்கள் சிநேகிதிக்கு அப்படி ஒரு நாள் வந்தால் அன்றே போங்கள். சாவு வீட்டுக்குப் போவது போலவே, கேட்டதும் கிளம்பிப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அம்மா முன்பு எப்படி இருந்தார் என்று பேசவிடுங்கள். நல்லவேளை, வலி எதுவும் இல்லையே என்று தேற்றாதீர்கள்.

இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. சொந்தக்காரர்கள் அவளை மறந்துபோவதற்கு அவள் எங்கேயும் தலைகாட்டாததும் ஒரு காரணம். வளைகாப்பு, கிரகப்பிரவேசம், கல்யாணம் எதற்கும் போக முடியாமல், "அவ எதுக்குமே வர மாட்டேங்கறா" என்ற பேச்சு வேறு சேர்ந்துகொள்கிறது. பத்திரிகை வந்ததும் அவளைக் கேட்காமலே அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். போன தை மாதம் தோழியின் மாமா மகன் கல்யாணம். முகூர்த்தம் ஒன்பதரைக்கு. நான் காலை ஏழு மணிக்கே போய்விட்டேன், அவள் இருக்கும்போதே டீச்சர் என்னோடு காப்பி குடித்து உட்கார்ந்துவிட வேண்டும் என்பதற்காக. கிளம்பும்போது சொல்லிக்கொண்டு போக வேண்டாம், சமையலறை வழியாகப் போய்விடு என்றேன். பட்டுப் புடவையோடு பின்கட்டில் நின்று, மாத்திரை, சாதம், மாற்றுப்புடவை என்று மறுபடியும் ஆரம்பித்தாள். எல்லாம் எனக்குத் தெரியும். "முகூர்த்தம் பார்த்துட்டு ஓடி வந்துடாதே. பந்தியில உக்காந்து சாப்பிடு, எல்லார்கிட்டயும் பேசு, மூணு மணிக்கு வந்தாப் போதும். நீ போன் பண்ணாதே, வேணும்னா நான் பண்றேன்" என்று சொல்லிப் பின்கதவைச் சாத்தினேன்.